பதினான்காம் எண் வரவில்லை

மார்ச் இருபத்தைந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பது. அரசுப் பொது மருத்துவமனையின் நிர்வாகக் கட்டடம், முதல் மாடி, ஏழாம் எண் அறை. இரத்த வங்கியின் முதுநிலை ஆய்வக நுட்பநர் பெயரில் பதினேழு நாள் ஈட்டிய விடுப்பும் ஏழு நாள் தற்செயல் விடுப்பும் மீதம் இருந்தன.

அந்த நுட்பநர்தான் அக்கா, தம்பி இருவரில் மூத்தவள். அவளுக்கு வயது ஐம்பது. விடுப்பு எழுத்தரின் மேஜைக்கு எதிரே, ஒரு கால் சற்றுக் குட்டையான நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் கைப்பையில் நான்காக மடித்த ஒரு படிவம் இருந்தது.

படிவம் போன வியாழக்கிழமை வந்தது. அவளுடைய அத்தை, அப்பாவின் தங்கை, தானே வீட்டுக்கு இரண்டு மாடி ஏறி வந்து கொடுத்தாள். "பேரு, வயசு, ரத்த வகை எல்லாம் நானே எழுதிட்டேன். நீ கையெழுத்து மட்டும் போடு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பட்டியலை மூடறாங்க" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனாள். மூத்தவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை இன்று வந்துவிட்டது.

படிவத்தின் தலைப்பு: துணை வருபவர் ஒப்புதல்.

அத்தை நாற்பத்திரண்டு வருடங்களாக யாத்திரைக் குழு நடத்துகிறாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தபோது ஆரம்பித்தது. ஓய்வு பெற்ற பிறகும் வருடத்துக்கு ஒரு யாத்திரை, ஏழு தலங்கள், பதினொரு நாள். வண்டி, அறை, சாப்பாடு எல்லாவற்றையும் ஒரு சுற்றுலா அலுவலகம் பார்த்துக்கொள்ளும். ஆட்களைப் பார்த்துக்கொள்வது அத்தை. பதினொரு வருடம் முன்பு ஒரு மலையடிவாரத்தில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் மயங்கி விழுந்து, கூட யாரும் இல்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். திரும்பி வந்ததும் அத்தை ஒரு விதி எழுதினாள். எழுபத்தைந்து வயது முடிந்தவர்கள், அறுபதுக்குக் கீழே உள்ள சொந்தக்காரர் ஒருவர் துணையில்லாமல் வரக்கூடாது. சுற்றுலா அலுவலகத்துக்கு அது மிகவும் பிடித்துப்போய், தங்கள் நிபந்தனையிலேயே அச்சடித்துக்கொண்டது.

இந்த ஜனவரியில் அத்தைக்கு எழுபத்தைந்து முடிந்தது.

"எந்த லீவு மேடம்?" என்றார் எழுத்தர். எந்தத் தேதியைச் சொன்னாலும் கிழமையைச் சொல்வார் என்பதால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு 'நாட்காட்டி' என்று பெயர்.

"ஏப்ரல் பன்னண்டுலேருந்து இருபத்திரெண்டு வரைக்கும், ஒரு யாத்திரைக்கு. எதுல கிடைக்கும்னு நீங்கதான் சொல்லணும்."

"பன்னண்டு சனி. இருபத்திரெண்டு செவ்வா. பதினோரு நாள்." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "தற்செயல் விடுப்பு ஒரே மூச்சுல அஞ்சு நாளைக்கு மேல தர முடியாது. அதோட ஈட்டிய விடுப்பை ஒட்டவும் முடியாது. ரெண்டும் மாமியாரும் மருமகளும் மாதிரி. ஒரே வீட்ல இருக்கும், ஒரே தட்டுல சாப்பிடாது."

"ஈட்டிய விடுப்பு எடுத்தா?"

"எடுக்கலாம். நடுவுல வர்ற ஞாயித்துக்கிழமையும் அதுலயே போயிடும். பதினோரு நாள் முழுசா கழியும். மிச்சம் ஆறு."

"எனக்கு மே மாசம் பதினஞ்சு நாள் வேணும் சார்."

"தெரியும். நேத்து மேலதிகாரி குறிப்பு போட்டு அனுப்பியிருக்காரே." அவர் ஒரு தாளைத் தேடி எடுத்தார். "மே மூணுலேருந்து பதினேழு. மகளுக்குப் பிரசவ அறுவை சிகிச்சை. மாற்று ஆள் ஒரு தடவை மட்டும் தர முடியும்னு எழுதியிருக்கார். உங்க பிரிவுல இன்னொரு டெக்னீஷியன் பேறுகால லீவுல இருக்காங்க. ராத்திரி ஷிப்ட்காரர் ஒருத்தரை வெச்சு ரெண்டு தடவை ஓட்ட முடியாது."

"சம்பளமில்லாத லீவு?"

"கையில லீவு இருக்கும்போது அதைத் தர விதி இல்லை. இருக்கறதை எல்லாம் தீர்த்துட்டு வந்தாத்தான் அந்தக் கதவு திறக்கும். அடுத்த வரவு ஜூலை ஒண்ணாம் தேதி, பதினஞ்சு நாள். குழந்தை ஜூலை வரைக்கும் காத்திருக்குமா?" எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "மருத்துவச் சான்று வெச்சு ஒரு லீவு இருக்கு. அது உங்களுக்கே தெரியும். ஆஸ்பத்திரியிலயே இருக்கீங்க."

"உடம்பு நல்லா இருக்கும்போது எப்படி சார்?"

"கேக்கலைன்னு நெனச்சுக்கோங்க. நானும் சொல்லலை."

பதிவேட்டை மூடப் போனவர், ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"போன வருஷம் இதே நாற்காலியில உக்காந்துதான் அப்பாவோட கடைசி ரெண்டு மாசத்துக்காக எழுதினீங்க. அறுபத்திரெண்டு நாள். அது இருந்திருந்தா இன்னிக்கு ரெண்டு யாத்திரை போயிருக்கலாம்."

"அது நல்லாப் போன லீவு சார்" என்றாள் மூத்தவள்.

எழுத்தர் தலையை ஆட்டினார். அவள் மே மாத விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு எழுந்தாள். நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

*

இரத்த வங்கியில் குளிர்பதனப் பெட்டிகளின் உறுமல் எப்போதும் இருக்கும். பழகிவிட்டால் அதுவே அமைதி. பத்தரை மணிக்கு வெப்பநிலை பார்த்து அட்டையில் எழுதினாள்: நான்கு டிகிரி. இரண்டுக்குக் கீழேயும் ஆறுக்கு மேலேயும் போகக்கூடாது. அறுவை அரங்கிலிருந்து இரண்டு பைகளுக்குக் கேட்டிருந்தார்கள். நோயாளியின் மாதிரியையும் பையின் மாதிரியையும் சேர்த்துக் குழாய்களில் போட்டு, சுழற்றும் இயந்திரத்தில் எதிரெதிராக அடுக்கி மூடினாள்.

அது சுற்றி நிற்கும் வரைக்கும் செய்ய வேறு வேலை இல்லை. அந்த இடைவெளியில்தான் பழைய நாட்கள் வந்து நிற்கும்.

கூரையில் பெட்டி படுக்கையைத் தார்ப்பாய் போட்டுக் கட்டிய பேருந்து. டீசல் வாசனை. முன் படிக்கட்டில், ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி நிற்கும் அத்தை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். அவளுக்கு யாருடைய பெயரும் முக்கியம் இல்லை. எக்ஸ்சேஞ்சில் பத்து வருடம் எண்களோடு பழகியவள், குழுவில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தாள். ஒரு தடவை கொடுத்தால் ஆயுள் முழுக்க அதே எண். அத்தை ஒன்று. அவளுடைய அண்ணன், அதாவது மூத்தவளின் அப்பா, இரண்டு. மூத்தவள் பதினான்கு. தம்பி பதினைந்து.

எங்கே வண்டி நின்றாலும், கிளம்புவதற்கு முன் விசில் ஒரு முறை ஊதும். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆளாளுக்குத் தங்கள் எண்ணைச் சொல்ல வேண்டும். அப்பா 'ரெண்டு' என்று சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு பள்ளிக்கூடத்துப் பையனைப் போல எழுந்து நின்று சொல்வார். வண்டியே சிரிக்கும். அத்தை மட்டும் சிரிக்க மாட்டாள். கடைசி எண் வந்து சேரும் வரை அவள் முகத்தில் எதுவும் ஓடாது. வந்து சேர்ந்ததும் ஓட்டுநரின் தோளில் இரண்டு தட்டு. வண்டி கிளம்பும்.

இயந்திரம் நின்றது. குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இரத்தம் திரியவில்லை. பொருந்தியிருந்தது. இரண்டு பைகளுக்கும் சீட்டு எழுதிக் கட்டினாள்.

அவளுக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஒன்பது. ஒரு மத்தியானம் சாலையோர ஓய்வு விடுதி ஒன்றில் சாப்பாட்டுக்கு வண்டி நின்றது. சாப்பிட்டு எல்லாரும் ஏறியாகிவிட்டது. விடுதிச் சமையலறைக்குப் பின்னால் ஒரு நாய் குட்டி போட்டிருந்ததை அவள் பார்த்திருந்தாள். அப்பா முன் வரிசையில் தூங்கிவிட்டார்.

"இன்னொரு தடவை பாத்துட்டு ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன். விசில் ஊதினா எனக்கும் சேத்து நீயே சொல்லிடு" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாக இறங்கினாள்.

தம்பி சொல்லிவிட்டான். பதினான்கு என்று கொஞ்சம் மெல்லிய குரலில். பதினைந்து என்று தன் குரலில். அத்தை ஓட்டுநரின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

ஐந்து குட்டிகள். ஒன்றுக்கு மட்டும் நெற்றியில் வெள்ளை. இதைத் தவிர அந்த இரண்டு நிமிடத்தில் வேறு என்ன பார்த்தோம் என்று அவளுக்கு நினைவில்லை. திரும்பி வந்தபோது முற்றத்தில் டயர் தடம் மட்டும் இருந்தது.

இரண்டு மணி நேரம் காவலாளியின் அறையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு மேஜையில் இருந்த தொலைபேசி அடித்தது. காவலாளி எடுத்துக் கேட்டு, அவள் காதில் வைத்தார். எங்கோ இருந்த ஒரு எக்ஸ்சேஞ்சிலிருந்து, இரைச்சலுக்கு நடுவே, அத்தையின் குரல்.

"எண் சொல்லு."

"பதினாலு" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

"அங்கேயே இரு. வர்றேன்" என்றது குரல்.

வண்டி திரும்பி வந்தது. அத்தை இறங்கி அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு தம்பியைக் கீழே இறக்கி, எல்லார் முன்னாலும் கன்னத்தில் ஓர் அறை. "விளையாட்டுக்கு இன்னொருத்தர் எண்ணைச் சொல்ற பய, இனிமே என் வண்டியில ஏறக்கூடாது." அவன் அழவில்லை. அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தாள்.

அதோடு பதினைந்தாம் எண் பட்டியலிலிருந்து போய்விட்டது.

*

பன்னிரண்டரைக்கு மழலையர் பள்ளி விடும். தம்பியின் மஞ்சள் வேன் வாசலில் நின்றது. இருபத்திரண்டு குழந்தைகள், பதினெட்டு வருடங்களாக வேறு வேறு முகங்கள், ஒரே வேன்.

மூத்தவள் மதிய இடைவேளைக்குச் சீட்டு வைத்துவிட்டு நடந்தே வந்திருந்தாள். மரத்தடியில் நின்று பார்த்தாள். அவன் ஒவ்வொரு குழந்தையையும் படியில் நிறுத்தி, தலையில் கை வைத்துத்தான் உள்ளே விட்டான். எல்லாரும் ஏறிய பிறகு உள்ளே குனிந்து போய், மறுபடியும் ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டே வந்தான்.

"அங்கிள், இவன் இருக்கான், நானே பாத்தேன்" என்றது ஒரு குரல்.

"நீ பாத்தா போதாது கண்ணு. நான் தொடணும்."

இறங்கியபோது அவளைப் பார்த்துவிட்டான்.

"என்னக்கா, ஆஸ்பத்திரியை யாருக்காவது எழுதிக் குடுத்துட்டியா? இந்த நேரத்துல வெளியில நிக்கறே?"

"பிள்ளைங்களை விட்டுட்டு எத்தனை மணிக்கு வருவே?"

"மூணு. ஏன்?"

"உனக்கு எப்ப லீவு விடறாங்க?"

"ஒம்பதாம் தேதி மூடறாங்க. ஜூன்லதான் திறக்கறாங்க. அதுவரைக்கும் நானும் வேனும் தூங்க வேண்டியதுதான்."

அவள் படிவத்தை எடுத்து நீட்டினாள். அவன் மேலிருந்து கீழே படித்தான். முகத்திலிருந்த கேலி மெல்ல இறங்கியது.

"நீ போகலையா?"

"போனா மே மாசம் அவகிட்ட ஆறு நாள்தான் இருக்க முடியும். மாப்பிள்ளை கப்பல்லேருந்து ஜூலையிலதான் இறங்கறார். வயித்தைக் கிழிச்சுக் குழந்தையை எடுத்துட்டு அவ தனியா என்ன பண்ணுவா?"

"இதை அத்தைகிட்ட சொன்னா புரிஞ்சுப்பாங்களே."

"புரிஞ்சுப்பாங்க. அப்புறம் அவங்களும் போக மாட்டாங்க. அவங்க எழுதின விதியை அவங்களே மீறுவாங்களா? துணைக்கு அறுபதுக்குக் கீழே சொந்தம்னு இருக்கறது நீயும் நானும்தான்."

தம்பி படிவத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். "என்னை ஏத்த மாட்டாங்க அக்கா. பதினெட்டு வருஷமா நான்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன். பெட்டி எல்லாம் ஏத்திட்டு பிளாட்பாரத்துல நிப்பேன். அவங்க எண்ணிக்கை எடுக்கறதைக் கேட்டுட்டுத்தான் கிளம்புவேன். பதிமூணு வரைக்கும் ஆளுங்க சொல்லுவாங்க. பதினாலு வந்ததும் அத்தையே 'பதினாலு, வரலை'ன்னு சொல்லிப்பாங்க. நீ கல்யாணம் ஆகிப் போனதிலேருந்து அப்படித்தான். அப்புறம் நேரா பதினாறு."

மூத்தவளுக்கு இது தெரியாது.

"நான் இன்னிக்குச் சொல்லிடப் போறேன்" என்றாள்.

"என்னத்தை?"

"நாய்க்குட்டியை."

அவன் சிரித்தான். வேனுக்குள் ஒரு குழந்தை ஹாரனை அடித்தது.

"விடுக்கா. நாப்பது வருஷம் ஆச்சு."

"முப்பத்தொம்பது. ஏன்டா நீ அன்னிக்கே சொல்லலை?"

"நீ ஏற்கெனவே அழுதுட்டிருந்தே. சொன்னா உனக்கும் ஒரு அறை விழுமேன்னு தோணிச்சு. அப்புறம் சொல்லாம இருந்தே பழகிடுச்சு." சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான். "இப்ப எனக்காகச் சொல்றியா, லீவுக்காகச் சொல்றியா?"

அவள் படிவத்தைக் கைப்பையில் வைத்தாள்.

"லீவு இருந்திருந்தா இன்னிக்கும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள்.

"சரி, உண்மையாவது சொன்னியே" என்றான் தம்பி. "நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வர்றேன். அத்தை வீட்டுல மாடிக்கு நான் வர மாட்டேன். கீழயே நிப்பேன்."

*

அத்தையின் வீடு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாம் தளம். ஒரு படுக்கையறை, ஒரு கூடம். கூடத்து மேஜையில் பட்டியல் விரித்துக் கிடந்தது. எண், பெயர், வயது, அறைத் துணை, மேல் படுக்கை முடியுமா முடியாதா, மருந்து. ஒவ்வொரு கட்டமும் அத்தையின் நிமிர்ந்த கையெழுத்தில் நிரம்பியிருந்தது. பக்கத்திலேயே டாக்டரிடம் வாங்கிய உடல்தகுதிச் சான்று, அதன் மேல் எடைக்கு விசில்.

மணி நான்கு ஐந்து.

"வந்துட்டியா? உக்காரு. பேனா வேணுமா?" என்றாள் அத்தை, தலையைத் தூக்காமல். "ஒம்பதாம் நம்பர் டிராயிங் வாத்தியார் கூட யாரும் படுக்க மாட்டேங்கறாங்க. குறட்டையாம். அறைக்கு ரெண்டு பேர்னு அலுவலகம் சொல்லுது. அஞ்சு மணிக்கு அறைப் பட்டியல் ஹோட்டலுக்குப் போயிடும், அதுக்கப்புறம் மாத்தவே முடியாது. நீயும் நானும் ஒரே அறை. அதுல பிரச்னை இல்லை."

"அத்தை, என்னால வர முடியாது."

பேனா நின்றது.

"லீவு இல்லை" என்றாள் மூத்தவள்.

"யார்கிட்ட லீவு கதை சொல்றே? முப்பத்திரெண்டு வருஷம் லீவு எழுதினவ நான். மூணு தீபாவளிக்கு மத்தவங்களுக்காக டியூட்டி பாத்து, அதை மாத்தி மாத்திப் பதினோரு நாள் சேத்திருக்கேன். மனசு இருந்தா கிடைக்கும்டி."

"எனக்கு மாத்திக்க ஆள் இல்லை. கூட வேலை பாக்கறவ பேறுகால லீவுல இருக்கா. மாற்று ஆள் ஒரு தடவைதான் தருவாங்க. இருக்கறது பதினேழு நாள். மே மூணுலேருந்து பதினஞ்சு நாள் மககிட்ட இருக்கணும். ஆபரேஷன்னு டாக்டர் முடிவா சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமைதான் தெரிஞ்சுது."

அத்தை கண்ணாடியைக் கழற்றினாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்து மூத்தவள் தோள்களை இறுக்கிக்கொண்டாள். கோபம் வரவில்லை.

"தனியாவா இருக்கா பொண்ணு?"

"ஆமா."

"அப்ப நீ அங்கதான் போகணும். இதுல பேச என்ன இருக்கு? வியாழக்கிழமையே சொல்லியிருக்கலாமே, 'இருங்க, டாக்டர் சொல்லட்டும்'னு. நீ எப்பவும் இப்படித்தான், வாயைத் திறக்கறதுக்குள்ள வண்டி போயிடும்."

அவள் பட்டியலைத் தன் பக்கம் இழுத்தாள். முதல் வரியில் அவளுடைய பெயர் இருந்தது. ஒரு நிமிடம் அதைப் பார்த்தாள்.

"நாலு வருஷம் முன்னாடி உங்கப்பா கடைசியா வந்தப்ப, மலையேறி இறங்கும்போது ஒரு கல்திட்டுல உக்காந்துட்டார். 'அடுத்த தடவை ரெண்டுன்னு சொல்ல ஆள் இருக்குமோ என்னமோ'ன்னார். நான் திட்டினேன். அந்தக் கல்திட்டு வரைக்கும் இன்னொரு தடவை போய்ட்டு வந்துடணும்னு நெனச்சேன். பரவால்ல." எழுந்து சுவரோரத் தொலைபேசியின் பக்கம் போனாள். "ஆபீசுக்குச் சொல்லிடறேன். ஒண்ணாம் நம்பர் வரலை. வழிகாட்டிக்கு அவங்களே ஒருத்தரைப் போட்டுக்கட்டும்."

"தம்பியைக் கூட்டிட்டுப் போங்க அத்தை."

அத்தை எண்ணைச் சுழற்றத் தொடங்கியிருந்தாள். விரலை எடுக்கவில்லை. "அவனையா?"

"அவனுக்கு ஒம்பதாம் தேதியிலேருந்து லீவு. வயசு நாப்பத்தெட்டு. லைசென்ஸ் இருக்கு, நகல் இப்பவே தரலாம். பட்டியல் மூடற வரைக்கும் துணை ஆளை மாத்தலாம்னு படிவத்துலயே போட்டிருக்கு."

"விதியெல்லாம் எனக்கு நீ படிக்காதே. நல்ல பையன்தான். காஸ் மாத்தித் தர்றான், ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறான். ஆனா எண்ணிக்கையில விளையாடினவன். முப்பத்தெட்டு உசிரு என் பொறுப்பு."

"விளையாடலை. நான்தான் சொல்லச் சொன்னேன்."

தொலைபேசியின் வட்டு, பிடி விட்டதும் கரகரவென்று பழைய இடத்துக்குத் திரும்பியது.

மூத்தவள் நின்றபடியே சொன்னாள். பின்கதவு, இரண்டு நிமிடம், எனக்கும் சேர்த்து நீயே சொல்லிடு. சமையலறைக்குப் பின்னால் ஐந்து குட்டிகள். அறை விழுந்தபோது அவன் அவளைப் பார்த்தது. அவள் தரையைப் பார்த்தது. சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"நாய்க்குட்டி" என்றாள் அத்தை.

"ஆமா."

"ஒரு நாய்க்குட்டிக்காக, அந்தப் பையனை நான்..." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு அந்த எக்ஸ்சேஞ்சுல எனக்கு லைன் கிடைக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் அவனைத்தான் மனசுக்குள்ள அடிச்சுட்டிருந்தேன். உன்னை இல்லை."

"தெரியும் அத்தை."

"உனக்குத் தெரியாது."

நான்கு இருபத்தைந்து. அத்தை மேஜையிலிருந்து விசிலை எடுத்தாள். கூடத்தைக் கடந்து பால்கனிக்குப் போனாள். மூத்தவள் பின்னாலேயே போய் வாசற்படியில் நின்றாள். கீழே மஞ்சள் வேனின் மேல் சாய்ந்துகொண்டு தம்பி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அத்தை விசிலை வாயில் வைத்து ஊதினாள். ஒரே முறை, நீளமாக. எதிர்க் கட்டடத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். தம்பி நிமிர்ந்தான்.

"எண் சொல்லு!" என்று அத்தை கத்தினாள். எழுபத்தைந்து வயதுக் குரல், பாதி வழியில் உடைந்தது.

தம்பி மேலே பார்த்தபடி நின்றான். பிறகு வேனிலிருந்து விலகி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, அந்நாளில் அப்பா நின்றதைப் போல நேராக நின்றான்.

"பதினஞ்சு!"

அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கீழேயே பார்த்தாள். "லைசென்ஸை எடுத்துட்டு மேல வா. நகல் எடுக்கணும். படியில ஓடாதே, வயசாச்சு உனக்கு" என்றாள்.

அவன் ஓடித்தான் வந்தான்.

அடுத்த கால்மணி நேரம் யாரும் பழையதைப் பேசவில்லை. படிவத்தில் மூத்தவளின் பெயரை அடித்துத் தம்பியின் பெயரை எழுதினார்கள். அடித்த இடத்தில் அத்தை சுருக்கொப்பம் போட்டாள். உறவு என்ற இடத்தில் 'அண்ணன் மகன்'. அறைத் துணை என்ற இடத்தில் பேனா நின்றது.

"உனக்குத் தூக்கம் எப்படி?" என்றாள் அத்தை.

"வேன்ல இருபத்திரெண்டு பிள்ளைங்க கத்தும்போதே தூங்குவேன்."

"அப்ப டிராயிங் வாத்தியாரோட படு. பக்கத்து அறைதான், கூப்பிட்டா கேக்கும். எனக்குத் தனி அறை கேட்டுக்கறேன்."

படிவத்தையும் உரிமத்தையும் தம்பி படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினான். 'பெற்றுக்கொண்டோம்' என்று பதில் வந்தது. அத்தை பட்டியலில் பதினைந்தாம் எண்ணை, இரண்டு வரிகளுக்கு நடுவே இடுக்கி எழுதினாள். பிறகு அதற்கு மேலே இருந்த வரிக்கு வந்து, அடிக்கோலை எடுத்து வைத்தாள். பதினான்கு. மூத்தவளின் பெயர்.

அடிக்கோல் அங்கேயே இருந்தது.

"நீ கிளம்பு. ஆஸ்பத்திரியில தேடுவாங்க" என்றாள் அத்தை. "இந்த எண் உனக்கு இருக்கணுமா வேண்டாமான்னு இப்ப எனக்குச் சொல்லத் தெரியலை. இருபத்திரெண்டாம் தேதி திரும்பி வந்து பேசறேன். அதுவரைக்கும் போன் பண்ணாதே."

"சரி அத்தை."

"குழந்தை முன்னாலயே பொறந்துட்டா மட்டும் பண்ணு."

மூத்தவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். இரத்த வங்கியில் நாலரை மணி வெப்பநிலை இருபது நிமிடம் தாமதமாக எழுதப்பட்டது. நான்கு டிகிரி.

குழுவின் பட்டியல் நான்கு ஐம்பத்திரண்டுக்குச் சுற்றுலா அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். ஒன்றாம் எண்ணுக்குத் துணை வருபவர், பதினைந்தாம் எண். பதினான்காம் எண்ணுக்கு எதிரே 'வரவில்லை' என்று பென்சிலால் எழுதியிருந்தது.